ஈரத் தரையில் விழுந்தால் யார் பொறுப்பு?

சம்பளம் போட்ட மறுநாள், பட்டணத்து மளிகைக் கடைக்குள் ஓர் அம்மாள் நுழைகிறார். சற்று முன்புதான் தரையைத் துடைத்திருக்கிறார்கள். கால் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் ஒதுங்கிவிட முடியுமா?

முடியாது. மலேசியச் சட்டப்படி, வாடிக்கையாளருக்கு ஆபத்து நேராதபடி நியாயமான கவனம் எடுப்பது அவர் கடமை. தரையை ஈரமாக்கியது அவருடைய ஆட்களே; ஆகவே "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது. ஈரம் காயும்வரை வழியை மறித்திருக்கலாம். அல்லது நுழைபவர் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கலாம். மூலையில் சாய்த்து வைத்த பலகை அவரைக் காப்பாற்றாது.

பலகை எதிரே இருந்தும் அம்மாள் பாராமல் நடந்திருந்தால்? அவர் பங்குத் தவறுக்கு ஏற்ப நீதிமன்றம் நஷ்டஈட்டைக் குறைக்கும். நஷ்டம் 2,000 வெள்ளி, அவர் தவறு கால் பங்கு என்றால், கிடைப்பது 1,500 வெள்ளி.

தீபகற்ப மலேசியாவில் கடைக்காரர் மீது வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஈரத் தரை சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். எனவே விழுந்த உடனே கடைக்காரரிடம் சொல்லுங்கள்; தரையைப் படம் எடுக்கச் செய்யுங்கள்; பார்த்தவர் பெயரையும் முகவரியையும் வாங்குங்கள். அன்றே மருத்துவரிடம் காட்டி, சான்றையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.