களி கட்டி தட்டியது ஏன்?

பாகாலா, சித்தூர்ப் பகுதிகளில் தெலுங்கில் ராகி சங்கடி என வழங்குவது தமிழரின் கேழ்வரகுக் களியே. அரிசியைக் குழைய வேகவைத்து, அதில் கேழ்வரகு மாவைச் சேர்த்துக் கிண்டுவர்.

காணொளியைப் பார்த்து ஒருவர் இதனைச் செய்தார் எனக் கொள்வோம். அரிசி ஒரு குவளை, மாவு ஒரு குவளை, நீர் ஐந்து குவளை. களி கட்டி தட்டிவிட்டது. "சரியாக வரவில்லை" என்று மட்டும் அவர் எழுதினால் அடுத்தவருக்குப் பயனில்லை. "மாவைக் கொட்டியவுடன் கிண்டினேன், கட்டிகளை உடைத்தால் உள்ளே உலர்ந்த மாவு இருந்தது" என எழுதினால் காரணம் விளங்கும். கொதிநீர் பட்ட மாவின் வெளிப்புறம் உடனே வெந்து, உட்புறத்திற்கு நீர் புகாமல் மூடிக்கொள்கிறது.

மறுமுறை அவர் மாவைக் குவியலாக இட்டு, நடுவில் துளையிட்டு, மூடிச் சிறுதீயில் சில நிமிடம் ஆவியில் விட்டார். பின்பே துடுப்பால் கிண்டினார். கட்டிகள் குறைந்தன. நனைத்த விரலால் தொட்டபோது களி ஒட்டவில்லை. வெந்ததற்கு அதுவே அடையாளம்.

மாவின் வகையையும் குறிப்பிடுதல் வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். கேழ்வரகு முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சிதைப்பதால், முளைகட்டிய மாவு அதே அளவு நீரில் கெட்டிப்படாமல் இளகி நிற்கும். நீரைக் குறைத்தாலும் பதம் முழுமையாக அமையாது. அம்மாவு கஞ்சிக்கே ஏற்றது.