வெட்டிய இலையின் மூப்பைத் தாமதிக்கும் சைற்றோகைனின்

வேருடன் பிடுங்கிய கீரைக்கும் தண்டை அறுத்தெடுத்த கீரைக்கும் உள்ள வேற்றுமையைக் கமக்காரர் கண்டிருப்பர். பின்னது விரைவில் மஞ்சளாகின்றது. நீர் வற்றியதே காரணமென்பர் பலர். அது முழு உண்மையன்று. நீரில் நிறுத்திய இலையும் விறைப்பாக இருந்தபடியே மஞ்சளாவதுண்டு. துவண்டும் பச்சையாக இருப்பின் நீர்க்குறைவு. விறைத்தும் மஞ்சளாயின் மூப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

சைற்றோகைனின் என்னும் ஓமோனைப் பெரும்பாலும் வேர்நுனிகளே ஆக்கி, ஏறுநீருடன் இலைகளுக்கு அனுப்புகின்றன. தண்டை அறுத்தவுடன் இவ்வரவு நின்றுவிடுகின்றது. அதன்பின் இலை தன் புரதத்தையும் பச்சையத்தையும் தானே சிதைக்கத் தொடங்கும். வெட்டிய இலையின் காம்பில் புதுவேர் தோன்றினால் அது நெடுநாள் பச்சையாக நிற்பதும் இதனாலேயே.

1957ஆம் ஆண்டில் றிச்மண்ட், லாங் என்னும் அறிஞர் மருளூமத்தையின் வெட்டிய இலைகளுக்குக் கைனெற்றின் என்னும் சைற்றோகைனினை ஊட்டினர். புரதமும் பச்சையமும் குறைவது தாமதமாயிற்று. பின்னர் ஜேர்மனியில் மோதெசும் உடனாய்வாளரும் வெட்டிய இலையின் ஓரிடத்தில் மாத்திரம் அதனைப் பூசினர். பூசிய இடம் பச்சையாக நின்றதுடன், இலையின் பிற பாகங்களிலிருந்து அமினோ அமிலங்களையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

வெட்டுப்பூக்களுள் அந்தூரியத்துக்கு இம்முறை பயன்படும். ஹவாயில் நடந்த சோதனைகளில் பென்சைலடினின் என்னும் செயற்கைச் சைற்றோகைனின் ஒரு இலீற்றர் நீருக்கு 200 மில்லிகிராம் வீதம் கையாளப்பட்டது. பத்து இலீற்றருக்கு இரண்டு கிராம் தூள் போதும். தூள் வெறும் நீரில் எளிதிற் கரையாது. சிறிதளவு ஐதான பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலிற் கரைத்து, பின்னரே நீரைச் சேர்க்க வேண்டும். கையுறை அணிதல் அவசியம். பூவை வெட்டிய அன்றே கரைசலில் அமிழ்த்தி எடுத்து உலரவிடுக. முன்னமே நிறம் மங்கிய பூவை இது மீட்காது.

எல்லா இனங்களும் ஒருபடித்தாக இணங்குவதில்லை. பல இனங்களின் ஆயுள் கூடியது. சிலவற்றிற் குறைந்ததும் உண்டு. ஆகவே முதலிற் பத்துப் பூக்களை அமிழ்த்தியும் பத்தை அமிழ்த்தாமலும் ஒரே இடத்தில் வைத்து நாட்களை எண்ணிப் பார்த்தல் நன்று. காணேசனின் வாட்டத்துக்கு எதிலீன் வாயுவே முதன்மைக் காரணமாதலின், அதற்கு வேறு பரிகாரம் உண்டு.

கீரையிலும் இவ்வோமோன் மஞ்சளாவதைத் தாமதிக்குமாயினும், அது உண்ணும் பொருள். உணவுப் பயிருக்கென அனுமதி பெறாத எதனையும் அதன்மீது தெளித்தல் தகாது. அங்கு வேரே மருந்து. வல்லாரையையும் முளைக்கீரையையும் வேருடன் பிடுங்கி, மண்ணைக் கழுவி, வேரை ஈரச்சாக்கிற் சுற்றி, நிழலில் வைத்து அனுப்புக. பழுக்கும் வாழைக்குலையுடன் ஒரே பெட்டியில் அடைக்கற்க. அதிலிருந்து எழும் எதிலீன் கீரையை விரைவில் மஞ்சளாக்கிவிடும்.