தடித்த எழுத்தில் ஏழு எண்கள்

காலையில் கொடுத்த இரத்தத்துக்கு மாலையில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்ப்பதோ மறுநாள்தான். அந்த ஓர் இரவு முழுக்க, தடித்த எழுத்தில் அச்சாகி ஓரத்தில் ‘எச்’ என்றும் ‘எல்’ என்றும் குறியிட்ட எண்கள் வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கின்றன. குடும்பத்தில் யாராவது ஒருவரிடம், பெரும்பாலும் நர்ஸாக இருக்கும் சித்தியிடமோ மருந்தாளுநர் படிப்பு படித்த அண்ணனிடமோ, அந்த பி.டி.எஃப். போய்ச் சேர்கிறது. “என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க” என்பது கோரிக்கை.

அப்படிச் சுருக்கிச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. எந்த எண் வரம்புக்கு வெளியே நிற்கிறது, எவ்வளவு தள்ளி நிற்கிறது, எது எதனோடு சேர்ந்து நிற்கிறது என்று வரிசையாகப் பார்ப்பதே அது. 34 வயதுப் பெண் ஒருவரின் சி.பி.சி. ரிப்போர்ட்டை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். சி.பி.சி. என்பது இரத்த அணுக்களை எண்ணி அளக்கும் அடிப்படைப் பரிசோதனை. சில மாதங்களாகச் சோர்வு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதால் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. ரிப்போர்ட்டில் ஏழு எண்கள் தடித்த எழுத்தில் இருக்கின்றன.

எண்களுக்குப் போகுமுன் தாளின் தலைப்பகுதியைப் படிக்க வேண்டும். பெயர், வயது, பாலினம், இரத்தம் எடுத்த தேதி ஆகிய நான்கும் சரியா? ‘எச்’, ‘எல்’ குறிகளைக் கணினிதான் போடுகிறது. வரவேற்பு மேஜையில் தட்டச்சு செய்த வயதையும் பாலினத்தையும் வைத்தே போடுகிறது. ஹீமோகுளோபின் 12.4 உள்ள ஒரு பெண்ணை ஆண் என்று பதிந்துவிட்டால், ஆண்களுக்கான 13 என்ற கீழ்வரம்போடு ஒப்பிட்டு ‘குறைவு’ என்று அச்சாகும். கர்ப்பம் பற்றியும் கணினிக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஹீமோகுளோபினின் கீழ்வரம்பு கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் 11.

அடுத்தது வரம்பு. ஆரோக்கியமானவர்கள் பலரின் இரத்தத்தை அளந்து, நடுவில் விழும் 95 சதவீதம் பேரின் எண்களை எடுத்துக்கொண்டு, இரு ஓரங்களிலும் இரண்டரை சதவீதத்தை வெட்டிவிட்டு வகுத்ததே பெரும்பாலான வரம்புகள். அப்படியானால் நூறு ஆரோக்கியமானவர்களில் ஐந்து பேர் எந்த நோயும் இல்லாமலே வரம்புக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், ஒன்றாவது வெளியே விழுவதற்கு 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. கருவியும் முறையும் லேபுக்கு லேப் மாறுவதால் வரம்பும் கொஞ்சம் மாறும். ஆகவே இணையத்தில் பார்த்த வரம்பை விட்டுவிட்டு, அந்த ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கும் வரம்பை வைத்துத்தான் குறிக்க வேண்டும்.

இனி அந்தப் பெண்ணின் எண்கள். ஹீமோகுளோபின் 9.8, வரம்பு 12.0 முதல் 15.0 வரை. இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கு, அதாவது பி.சி.வி., 31.1 சதவீதம்; வரம்பு 36 முதல் 46. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 74, வரம்பு 83 முதல் 101. ஓர் அணுவில் இருக்கும் ஹீமோகுளோபினின் அளவான எம்.சி.எச். 23.3, வரம்பு 27 முதல் 32. இந்த நான்கும் ‘எல்’. ஆர்.டி.டபிள்யூ. 17.8, வரம்பு 11.6 முதல் 14.0, பிளேட்லெட் 4.62 லட்சம், வரம்பு 1.5 முதல் 4.1 லட்சம், வெள்ளையணுக்களில் இயோசினோஃபில் 7 சதவீதம், வரம்பு 1 முதல் 6. இந்த மூன்றும் ‘எச்’.

ஏழு குறிகளைப் பார்த்ததும் ஏழு கோளாறுகள் என்று நினைத்துவிடத் தோன்றும். ஆனால் ஆறு குறிகள் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. சிவப்பணு உருவாகும்போது அதற்குள் ஹீமோகுளோபினை நிரப்ப இரும்பு வேண்டும். இரும்பு தட்டுப்பட்டால் அணு சிறுத்துப் பிறக்கிறது, எம்.சி.வி. இறங்குகிறது. உள்ளே நிறப்பொருள் குறைவதால் எம்.சி.எச்.சும் இறங்குகிறது. இரும்பு இருந்த காலத்தில் உருவான பெரிய அணுக்களும், தீர்ந்த பிறகு உருவான சிறிய அணுக்களும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஈட்டில் பெரிய இட்லியும் குட்டி இட்லியுமாக வருவதுபோல. அளவில் உள்ள அந்த ஏற்றத்தாழ்வை அளப்பதே ஆர்.டி.டபிள்யூ. அதனால் அது ஏறுகிறது. இரும்புச்சத்துக் குறைவில் பிளேட்லெட் எண்ணிக்கை லேசாக உயர்வதும் வழக்கமாகக் காணப்படுவதே.

ஏழாவது குறி இந்தக் கதையில் சேராது. 7 சதவீதம் என்பது பங்கு மட்டும். அணுக்கள் எத்தனை என்று அது சொல்லாது. மொத்த வெள்ளையணு 6,400. அதில் 7 சதவீதம் 448. இயோசினோஃபிலின் எண்ணிக்கைக்கு அதே ரிப்போர்ட்டில் இன்னொரு வரியில் கொடுத்திருக்கும் வரம்பு 20 முதல் 500. எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கும்போது, சதவீதத்தில் விழுந்த குறிக்குப் பெரிய எடை கிடையாது. வெள்ளையணு வகைகள் ஐந்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்: சதவீதத்தைவிட எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

குறி விழாத வரிகளையும் விட்டுவிடக் கூடாது. இந்தப் பெண்ணின் சிவப்பணு எண்ணிக்கை 42 லட்சம். வரம்பு 38 முதல் 48 லட்சம். தடித்த எழுத்து இல்லை என்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் முக்கியமான ஒரு கேள்விக்கு இந்த எண்தான் தடயம். தலசீமியா மரபணுவைத் தாய் தந்தை ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் எம்.சி.வி. குறைவாகவே இருக்கும். அவர்களுக்கு இரும்பு குறைவில்லாதபோது இரும்பு மாத்திரை கொடுத்துப் பயனில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க 1973-இல் மென்ட்சர் என்ற மருத்துவர் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். எம்.சி.வி.யை, மில்லியனில் சொன்ன சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம் சாயும். 13-க்குக் கீழ் என்றால் தலசீமியா பக்கம். இங்கே 74-ஐ 4.2-ஆல் வகுத்தால் 17.6. எம்.சி.வி. 65, சிவப்பணு 56 லட்சம் என்று இருந்திருந்தால் விடை 11.6 ஆகியிருக்கும். இது ஊகத்துக்கு உதவும் கணக்கு மட்டுமே. தலசீமியாவை உறுதி செய்ய ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்க வேண்டும். இரண்டு குறைபாடும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு.

கணக்கைவிட உறுதியான சாட்சி பழைய ரிப்போர்ட். இரண்டு ஆண்டுக்கு முன் எடுத்ததில் இதே பெண்ணின் எம்.சி.வி. 86 என்று இருந்தால், பிறவியிலேயே வரும் தலசீமியா குணம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இடையில் ஏதோ நடந்திருக்கிறது. புதிய எண்ணின் பக்கத்தில் பழைய எண்ணைத் தேதியோடு எழுதி வைத்தாலே மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

சுருக்கம் எழுதும்போது அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. முதலாவது, எல்லா ‘எல்’லையும் ஒரே குரலில் சொல்வது. 11.9-க்கும் 9.8-க்கும் ஒரே குறிதான் விழுகிறது. 12.0-க்கும் 11.9-க்கும் உள்ள இடைவெளி, அதே ஆளிடம் மறுநாள் எடுத்தாலே மாறிவிடக்கூடியது. 9.8 அப்படியல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் பெண்களுக்கு 8 முதல் 10.9 வரை மிதமான சோகை, 8-க்குக் கீழே கடுமையான சோகை. ஆகவே வெறுமனே ‘குறைவு’ என்று நிறுத்தாமல் எண்ணையும் வரம்பையும் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டாவது பிழை, நோயின் பெயரைத் தீர்ப்பாக எழுதிவிடுவது. ரிப்போர்ட் காட்டுவது அணுக்கள் சிறுத்திருப்பதை மட்டும். இரும்பு எங்கே போனது என்பது அதில் இல்லை. அதிக மாதவிடாய்ப் போக்கா, உணவில் குறைவா, குடற்புழுவா, குடலில் எங்கோ இரத்தக் கசிவா என்று மருத்துவர்தான் கேட்டறிய வேண்டும். இதே எண்கள் 60 வயது ஆணுக்கு வந்தால் குடலில் கசிவு இருக்கிறதா என்று தேடுவதே முதல் வேலை ஆகும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, நோயாளியின் கையில் கொடுக்க வேண்டிய சுருக்கம் அரைப் பக்கத்தைத் தாண்டாது:

“உங்கள் ஹீமோகுளோபின் 9.8. இந்த லேபின் வரம்பு 12 முதல் 15. தெளிவாகக் குறைவு. சிவப்பணுக்கள் சிறியதாகவும் (74; வரம்பு 83–101) அளவில் ஒன்றுக்கொன்று வேறுபட்டும் (17.8, வரம்பு 11.6–14.0) இருக்கின்றன. பி.சி.வி., எம்.சி.எச். இரண்டும் இதையொட்டியே குறைந்திருக்கின்றன. பிளேட்லெட் கொஞ்சம் அதிகம் (4.62 லட்சம், வரம்பு 4.1 லட்சம் வரை). இவை சேர்ந்து வருவது இரும்புச்சத்துக் குறைவில் அடிக்கடி காணப்படும். உறுதி செய்ய ஃபெரிட்டின் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இயோசினோஃபில் சதவீதத்தில் குறி இருந்தாலும் எண்ணிக்கை (448) வரம்புக்குள்தான். மொத்த வெள்ளையணு, சிவப்பணு எண்ணிக்கை சரி. மூச்சுத்திணறல் கூடினாலோ, நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலோ சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம்.”

ஃபெரிட்டின் என்பது உடலில் சேமித்துவைத்த இரும்பின் அளவுகோல். இங்கே வரம்பை நம்பிக் குறிக்கும் முறையே ஓர் எல்லையில் முட்டுகிறது. சில லேப்களின் ரிப்போர்ட்டில் பெண்களுக்கான ஃபெரிட்டின் வரம்பு 10-இலிருந்து தொடங்கும். இந்தப் பெண்ணுக்கு 12 என்று வந்தால் தடித்த எழுத்தும் இருக்காது, ‘எல்’லும் இருக்காது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 15-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவு என்கிறது. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறிவிடும். அப்போது 70-க்குக் கீழே இருந்தாலும் குறைவாகவே கொள்ளச் சொல்கிறது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை இருந்தது. இத்தனை பேருக்குக் குறைவு இருக்கும் சமூகத்தில், வரம்பு வகுக்க எடுத்துக்கொண்டவர்களிடமே இரும்பு குறைந்திருந்தால் கீழ்வரம்பும் தாழ்ந்துவிடும். அதனால் குறி இல்லாவிட்டாலும் வரம்பின் ஓரத்தில் நிற்கும் எண்ணைச் சுருக்கத்தில் எழுதி, “விளிம்பில் இருக்கிறது” என்று சேர்ப்பது நல்லது.

சுருக்கம் கையில் இருந்தாலும் மருத்துவரிடம் முழு ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகள், சமீபத்திய காய்ச்சல், மாதவிடாய்ப் போக்கு, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்பவற்றை அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள்.