சுவர்களைச் சேர்த்துக் கட்டுங்கள்: பழைய பள்ளிக் கட்டடமும் நிலநடுக்கமும்

"நூறு வருஷமா நிக்குது சார், இதுக்குப் போய் பூகம்பத்துக்குப் பயப்படணுமா?" பழைய பள்ளிகளின் அறக்கட்டளைக் கூட்டங்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நூறு வருடத்தில் கட்டடம் தாங்கியது வெயிலையும் மழையையும் பிள்ளைகளின் ஓட்டத்தையும்தான். பக்கவாட்டில் பலமாக உலுக்கினால் என்ன ஆகும் என்று அதை யாரும் சோதித்ததில்லை. கோவைப் பகுதியில் 1900 பிப்ரவரி 8 அன்று ஏறக்குறைய 6 அளவில் நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பின் கட்டிய பள்ளிகள் எதுவும் அந்த ஊரில் அப்படியொரு உலுக்கலைப் பார்க்கவில்லை. சென்னை 2002 வரை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்தில் இருந்தது. ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2016 பதிப்பில் அது கோவையைப் போலவே மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது.

நம் ஊர்ப் பழைய பள்ளிகளில் அதிகம் காணப்படும் ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். 30 அடி நீளம், 20 அடி அகலம், 14 அடி உயரம். சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றரைக் கல் சுவர், அதாவது பதின்மூன்றரை அங்குலம். மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரம், அதன்மேல் கட்டைகள், கட்டைகளின்மேல் சாய்வாக அடுக்கிய செங்கல், செங்கல் ஜல்லிக் காரை, தட்டோடு. வெயிலுக்கு இதைப்போல் குளுமையான கூரை இல்லை. ஆனால் எடை அதிகம். இந்த ஒரு அறைக்கு மேலே சுமார் 20 டன் இருக்கிறது. ஜன்னல், கதவுக்கான இடத்தைக் கழித்துவிட்டால் ஒரு நீளச் சுவரின் எடையும் ஏறக்குறைய அதே அளவுதான்.

நிலநடுக்கத்தில் ஆளைக் கொல்வது இந்த எடைதான். ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2016 பதிப்பின்படி கணக்குப் போட்டால், மூன்றாம் மண்டலத்தில் உள்ள பள்ளியில் வலுவூட்டாத செங்கல் சுவரைத் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி என்பதால் சாதாரண வீட்டைவிட ஒன்றரை மடங்கு கூடுதலாக எடுக்கச் சொல்கிறது விதி. நம் வகுப்பறையில் ஒரு நீளச் சுவரை அதன் சொந்த எடையே சுமார் 4 டன் விசையோடு வெளியே தள்ளும். அதில் உட்கார்ந்திருக்கும் பாதிக் கூரை இன்னும் 2 டன் சேர்க்கும்.

சுவரை அதன் நீளவாக்கில் தள்ளினால் அது நன்றாகவே தாங்கும், அதிகம் போனால் ஜன்னல்களுக்கு நடுவே குறுக்கு விரிசல் விழும். அகலவாக்கில், முகத்தில் தள்ளினால்தான் ஆபத்து. 30 அடி நீளச் சுவர் நடுவில் பிடிப்பு ஏதுமின்றி வெளியே சாயும், அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் உத்திரம் நழுவும், கூரை உள்ளே இறங்கும். மூடியில்லாத அட்டைப்பெட்டியின் பக்கங்களை விரலால் தள்ளிப் பாருங்கள், எளிதாக மடங்கும். அதே பெட்டியைச் சுற்றி நாடாவை ஒட்டிவிட்டால் மடங்காது. பழைய பள்ளிக்குத் தேவையான வேலையின் பெரும்பகுதி இந்த நாடா ஒட்டும் வேலைதான். சுவரைத் தடிமனாக்குவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். பொறியாளர் வரும் நாளில் அறங்காவலர்களில் ஒருவராவது கூடவே சுற்றுங்கள். மூலைகளில் நிற்கும் விரிசலைக் கவனியுங்கள். மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகியும் இருந்தால் சுவரின் தலை ஏற்கெனவே வெளியே சாயத் தொடங்கிவிட்டது என்று பொருள். விரிசலின் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, தேதியை எழுதிவைப்பது பழைய முறை, இன்றும் நம்பகமானது. சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. அடுத்து, பூச்சு உதிர்ந்த இடத்தில் சாந்தைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். நல்ல சுண்ணாம்புச் சாந்து கீறலை மட்டும் காட்டும். மாவாக உதிர்ந்தால் கவலைப்பட வேண்டும். கடைசியாக, உத்திரத்தின் முனை. வெளியே தெரியும் மரம் கல்போல இருக்கும், சுவருக்குள் புதைந்த ஒரு சாண் நீளம்தான் மழைநீர் ஊறி மக்கியிருக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதே பதில்.

நிலைத்தன்மைச் சான்றிதழ் வாங்குகிறோமே என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சான்றிதழுக்கான பார்வை வழக்கமாகக் கட்டடம் இன்றைய பாரத்தைத் தாங்குகிறதா என்பதோடு நின்றுவிடுகிறது. பக்கவாட்டு விசைக்குத் தனிக் கணக்கு போட்டார்களா என்று கேட்டு, அந்தக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

இனி வேலைகளுக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது, செலவும் குறைவானது, உயரத்தில் தளர்வாக நிற்பவற்றை இறக்குவது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், முகப்பில் பள்ளிப் பெயரைத் தாங்கும் அலங்கார வளைவு, தண்ணீர்த் தொட்டி, தனியாக நிற்கும் சுற்றுச்சுவர். குலுங்கும்போது பிள்ளைகள் ஓடிவரும் வாசலுக்கு மேலேதான் இவை பெரும்பாலும் இருக்கும். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு நிலநடுக்கம்கூடத் தேவைப்படவில்லை. உயரமான கைப்பிடிச் சுவரைத் தாழ்த்தி இரும்புக் கிராதி வைக்கலாம், அல்லது பின்னாலிருந்து இரும்புத் தாங்கி கொடுக்கலாம்.

இரண்டாவது, கூரையையும் சுவரையும் கட்டுவது. ஒவ்வொரு உத்திர முனையிலும் இரும்புப் பட்டையை மரத்தோடு போல்ட் போட்டு, அதிலிருந்து ஒரு கம்பியைச் சுவரைத் துளைத்து வெளியே கொண்டுவந்து, தகடு வைத்து நட்டால் இறுக்குவார்கள். எதிரெதிர்ச் சுவர்களை 16 அல்லது 20 மில்லிமீட்டர் கம்பியால் நேராக இணைப்பதும் உண்டு. உத்திரங்களுக்கு அடியில் குறுக்கும் மறுக்குமாகப் பட்டை இரும்பு அடித்தால் கூரை ஒரே தகடாக நடந்துகொள்ளும், நீளச் சுவரின் தள்ளுதலைக் குறுக்குச் சுவர்களுக்குக் கொண்டுபோகும். வெளிச்சுவரில் தகடுகள் வரிசையாகத் தெரிவது அசிங்கம் என்று சில அறங்காவலர்கள் தயங்குவார்கள். எனக்கு அது அசிங்கமாகப் பட்டதில்லை.

மூன்றாவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது, கம்பிவலைப் பட்டைகள். புதுக் கட்டடமாக இருந்தால் லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பட்டை ஓட்டிவிடுவோம். நிற்கும் சுவருக்குள் அதைச் செருக முடியாது. அதற்கு மாற்றாக ஐ.எஸ். 13935 சொல்லும் வழி இது: லிண்டலுக்கு மேலே ஒரு பட்டை, கூரைக்குக் கீழே ஒரு பட்டை, மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் செங்குத்துப் பட்டைகள். அந்த அகலத்துக்குப் பூச்சை முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்றாக நனைக்க வேண்டும். முதல் பூச்சு ஏறியதும் துத்தநாகம் பூசிய வெல்டட் மெஷ்ஷை வைத்துச் சுவரோடு பிடிக்க வேண்டும். அதன்மேல் இரண்டாவது பூச்சு, பிறகு குறைந்தது பத்து நாள் தண்ணீர். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஆணி மட்டும் போதாது. சுவரை ஊடுருவிப் போகும் கம்பியால் உள்பட்டையையும் வெளிப்பட்டையையும் கோத்துக் கட்டினால்தான் வலை சுவரை விடாது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்றுதான். பூச்சை எடுக்காமல் அதன்மேலேயே வலையை ஒட்டுவது. மழைநீர்க் குழாய் வந்தது என்று வலையை வெட்டிவிடுவது. மூலைக்கு வந்ததும் நிறுத்தி, அடுத்த சுவரில் புதிதாகத் தொடங்குவது. மூன்றாவதுதான் பெரிய குற்றம், ஏனென்றால் பட்டை மூலையைச் சுற்றிப் போவதற்காகத்தான் இத்தனை வேலையும். வலையோடு வலை சேரும் இடத்தில் ஒரு அடியாவது மேலேற வேண்டும். இரண்டாவது பூச்சுக்கு முன் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்துக் காட்டினால்தான் பில் பாஸாகும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். காய்ந்த பிறகு விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். கணகணவென்று வெற்றொலி வரும் இடம் சுவரோடு ஒட்டவில்லை.

சுவர் முழுவதும் வலை கட்டி கான்கிரீட் பூசுவது நான்காவது வழி. எல்லாச் சுவருக்கும் இது தேவைப்படாது. கூடத்தைப் பெரிதாக்க என்று எப்போதோ குறுக்குச் சுவரை இடித்திருந்தால், மிச்சமிருக்கும் குறுக்குச் சுவர்களுக்கு இது வேண்டியிருக்கலாம். முழுச் சுவரையும் சிமென்டால் மூடினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும். கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம்.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. மழை ஒழுகுகிறது என்று பழைய தட்டோட்டின்மேல் இன்னொரு அடுக்குக் கான்கிரீட் போடுவது. ஒழுகல் நிற்கலாம். கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் 200 கிலோ தள்ளுவிசை சுவரின் தலையில் ஏறுகிறது.

இந்தப் பட்டை முறை ஏட்டளவில் நிற்பதல்ல. நேபாளத்தின் காத்மாண்டு பள்ளத்தாக்கில் 1990-களின் இறுதியிலிருந்து பழைய பள்ளிகளை இதேபோல் வலுப்படுத்தி வந்தார்கள், உள்ளூர்க் கொத்தனார்களுக்கே பயிற்சி கொடுத்து. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் பூமி குலுங்கியபோது ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன. வலுப்படுத்திய பள்ளிகள் இடியாமல் நின்றன. அன்று சனிக்கிழமை, விடுமுறை நாள் என்பதால் இடிந்தவற்றிலும் பிள்ளைகள் இல்லை.

அறங்காவலர்களிடம் மறைக்கக்கூடாத விஷயம் ஒன்று. இந்த வேலைகளெல்லாம் கட்டடம் விழாமல் இருக்கத்தான், விரிசலே வராமல் இருக்க அல்ல. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு பிள்ளைகள் உயிரோடு வெளியே வந்திருப்பார்கள், கட்டடம் மறுபடி பயன்படாமல் போகலாம். சாந்து மாவாகி, உத்திரங்கள் கரையான் அரித்து, அஸ்திவாரமும் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் இடித்துக் கட்டுவதே சரி. பழமையின் மீதுள்ள பாசத்துக்காக அந்த முடிவைத் தள்ளிப்போடக்கூடாது. சாந்து கெட்டியாக இருக்கும் கட்டடத்தை, பொறியாளர் பார்க்காமலே இடிக்கத் தீர்மானிப்பதும் அதே அளவு தவறு.

வேலையை இரண்டு கோடை விடுமுறைகளில் முடிக்கலாம். முதல் மே மாதத்தில் கைப்பிடிச் சுவரும் உத்திர முனைகளும், அடுத்த மே மாதத்தில் பட்டைகள். விலைப்புள்ளி வரும்போது அதோடு ஒரு வரைபடமும் கேளுங்கள். பட்டை எந்த மட்டத்தில் ஓடுகிறது, ஒவ்வொரு மூலையிலும் எப்படித் திரும்புகிறது, எந்தெந்த உத்திரம் எங்கே சுவரோடு கட்டப்படுகிறது என்பவை அதில் இருக்க வேண்டும். இவை இல்லாத விலைப்புள்ளி எவ்வளவு மலிவாக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.