வேம்பு சொல்லும் பருவம்

ஆங்கிலப் பாடநூலில் அக்டோபர் என்றால் இலையுதிர் காலம். படத்தில் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். அதே அக்டோபரில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, வேம்பும் புங்கையும் பச்சைப் பசேலென்று நனைந்துகொண்டிருக்கும். இங்கே வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். கொட்டிய கையோடு தளிர்விட்டு, சித்திரைக்குள் பூத்துவிடும். புத்தாண்டுப் பச்சடிக்குப் புது வேப்பம்பூ கிடைப்பது அதனால்தான்.

நான்கு பருவக் கணக்குக்குப் பகலின் நீளம்தான் அடிப்படை. லண்டனில் ஜூன் மாதப் பகல், டிசம்பர் பகலைவிட ஏறக்குறைய 9 மணி நேரம் நீண்டது. சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே இங்கே மாற்றத்தை உணர்த்துவது மழை, காற்று, பனி.

அதைப் பார்த்துத்தான் பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். சித்திரையில் அல்ல, மழையில் தொடங்குகிறது இந்த வரிசை.

பனிக்கு ஏன் இரண்டு பருவம்? இரவின் முற்பகுதியிலேயே பனி விழுந்தால் முன்பனி, பிற்பகுதியில் விழுந்தால் பின்பனி. மார்கழியில் விளக்கு வைத்த சற்று நேரத்திலேயே வாசலில் உட்கார முடியாது. காதைத் துணியால் மூடிக்கொள்ளத் தோன்றும். மாசியில் முன்னிரவில் திண்ணையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசலாம், ஆனால் விடியற்காலையில் வைக்கோற்போர் ஈரமாக இருக்கும். நான்கு பருவக் கணக்கில் இந்த நான்கு மாதமும் பெரும்பாலும் குளிர்காலம் என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடும்.

ஆனால் ஓரிடம் இடிக்கிறது. கொளுத்தும் அக்னி நட்சத்திரம் சித்திரை 21 வாக்கில் தொடங்கி வைகாசி நடுவில் முடிகிறது. அது இளவேனிலாம்! ஆடியிலோ அம்மியைப் பறக்கவைக்கும் காற்று.

காரணத்தில் ஒரு பங்கு வானத்தில் இருக்கிறது. தமிழ் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுபவை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், ஏறக்குறைய 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அவை பருவத்தைவிட்டுப் பின்தங்குகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரை பிறந்தது மார்ச் 21ஐ ஒட்டி. இன்று ஏப்ரல் 14. அன்றைய இளவேனில் மே மூன்றாம் வாரத்தோடு முடிந்திருக்கும்.

அப்படித் தள்ளி வைத்தாலும் மே மாதத்தின் பெரும்பகுதி இளவேனிலிலேயே நிற்கிறது, அதை மறுக்க முடியாது. முதுவேனில் என்ற பெயர் மட்டும் கிழக்குக் கரைக்கு இன்றும் பொருந்தும்: தென்மேற்குப் பருவமழையைப் பெருமளவு மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், கேரளம் நனையும் ஆனியிலும் சென்னையில் வெயில் அடங்குவதில்லை.