திறக்க மறுக்கும் ஜிப்

வரைபடத் தொகுப்பு ஒன்றை இரவு முழுக்க இறக்கினேன். இறங்கி முடிந்துவிட்டதாகத்தான் பிரவுசர் காட்டியது. காலையில் திறந்தால், ஜிப் செல்லாது என்று விண்டோஸ் சொன்னது. ஒரு கோப்பைக்கூட எடுக்க முடியவில்லை.

ஜிப்பின் அமைப்பே இதற்குக் காரணம். உள்ளே என்னென்ன இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கிறது. வால் அறுந்தால் பட்டியலும் போய்விடும். முக்கால்வாசி தரவு சரியாக வந்திருந்தாலும் விண்டோஸுக்கு வழி தெரியாது.

அதனால் முதலில் அளவைப் பாருங்கள். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து Properties திறந்தால் Size என்ற வரியில் பைட் கணக்கு இருக்கும். அதை வைத்தே ஒப்பிட வேண்டும். தளத்தில் 1.8 ஜிபி என்று போட்டிருப்பது விண்டோஸில் 1.67 ஜிபியாகத் தெரியலாம். ஒன்று ஆயிரம் ஆயிரமாகவும் மற்றொன்று 1024 ஆகவும் எண்ணுகிறது, குறை எதுவும் இல்லை. எனக்கு வந்திருந்தது 1.3 ஜிபிதான். சில சர்வர்கள் மொத்த அளவை முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்போது இணைப்பு பாதியில் அறுந்தாலும், முடிந்துவிட்டது என்றே பிரவுசர் எண்ணிக்கொள்ளும்.

சில கேபி மட்டுமே இருந்தால் அது ஜிப்பே அல்ல. பெரும்பாலும் வைஃபை லாகின் பக்கமோ பிழைப் பக்கமோ அந்தப் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை அழித்துவிடுங்கள்.

வால் மட்டும் குறைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்பு இருக்கும் ஃபோல்டரில், பெயரை மாற்றாமல், கமாண்ட் பிராம்ப்டில் இப்படி அடித்தேன்:

```
curl -L -C - -O https://example.org/maps.zip
```

முகவரியின் இடத்தில் உங்கள் இணைப்பைப் போடுங்கள். `-C -` என்பது இருக்கும் பைட்டுகளை எண்ணி, அடுத்ததிலிருந்து கேட்கும். சர்வர் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் தொடர முடியாது என்று curl சொல்லிவிடும். முதலிலிருந்துதான் இறக்க வேண்டும்.

தொடர்ந்து இறக்கியதும் அளவு ஒத்துப்போனது. ஆனாலும் சில கோப்புகள் பிரியவில்லை. அளவு சரியாக இருப்பதால் உள்ளடக்கமும் சரி என்று ஆகாது. அதற்குத்தான் பல தளங்கள் இணைப்பின் அருகில் SHA-256 என்று 64 எழுத்து இலக்கங்களைப் போடுகின்றன. ஒரு பைட் மாறினாலும் அந்தச் சரம் அடியோடு மாறிவிடும்.

```
certutil -hashfile maps.zip SHA256
```

எனக்கு வந்த சரம் வேறாக இருந்தது. பழுது நடுவில் இருக்கும்போது, வாலில் மட்டும் சேர்க்கும் `-C -` உதவாது. இரவுக்கும் காலைக்கும் இடையில் தளத்தில் கோப்பே மாறியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்: பழைய தலையில் புதிய வால் ஒட்டிக்கொள்ளும். பழையதை அழித்துவிட்டு முழுதாக இறக்கினேன். இம்முறை சரம் பொருந்தியது.

டொரண்ட் இணைப்பும் கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். அது கோப்பைத் துண்டு துண்டாகச் சரிபார்த்து, கெட்ட துண்டை மட்டும் மறுபடி வாங்கிக்கொள்ளும்.