இரண்டாம் நிரலும் மூன்றாம் நிரலும்

இலங்கையின் 2012 குடிசனத் தொகைமதிப்பில், எந்த மாவட்டத்தில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று சொல்லும் அட்டவணை பார்வைக்கு மிக எளிமையானது. இடப்பக்கம் கொழும்பில் தொடங்கி 25 மாவட்டங்களின் பெயர். மேலே சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், பறங்கியர், மலாயர், இலங்கைச் செட்டி, பரதர், ஏனையோர் என்று தலைப்புகள். செட்டிகளும் பரதர்களும் 2001-இல்தான் தனித் தலைப்பு பெற்றார்கள். மற்றவை பழையவை. இதில் இரண்டாம் நிரலையும் மூன்றாம் நிரலையும் மட்டும் எடுத்துக்கொண்டு பழைய அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், விசித்திரமான ஒன்று தெரியவரும். வீடு மாறாமல், ஊர் மாறாமல், ஆட்கள் ஒரு நிரலிலிருந்து அடுத்த நிரலுக்குப் போயிருக்கிறார்கள்.

அந்த எண்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று முதலில் பார்ப்போம். கணக்கெடுப்பவர் கையில் ஒரு சிறு பகுதியின் வரைபடம் இருக்கும். அதிலுள்ள வீடுகள் முழுவதும் அவர் பொறுப்பு. 2012-இல் மார்ச் 20 பிறக்கும் நள்ளிரவுதான் கணக்கின் கணம். அதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ப் படிவத்தை நிரப்பிவிடுவார்கள். அதன்பின் பிறப்பு, இறப்பைப் பார்த்துத் திருத்துவார்கள். இந்தச் சிறு பகுதிகள் சேர்ந்து கிராம அலுவலர் பிரிவு. அப்படிப்பட்ட பிரிவுகள் நாட்டில் ஏறத்தாழ 14,000. அவை சேர்ந்து பிரதேச செயலாளர் பிரிவு, அவை சேர்ந்து மாவட்டம். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தில் உள்ள எண்ணும் இப்படிக் கீழிருந்து கூட்டிக்கொண்டே வந்ததுதான். மேலே உட்கார்ந்து யாரும் இனத்தைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானம் வாசற்படியிலேயே முடிந்துவிடுகிறது.

வாசற்படியில் என்ன நடக்கிறது? ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் கணக்கெடுக்கப் போன ஆசிரியை ஒருவர் எனக்குச் சொன்னது இது. லயத்து வாசலில் நின்று வயதான ஓர் அம்மாவிடம் இனம் என்னவென்று கேட்டிருக்கிறார். "தமிழ்தான் டீச்சர்" என்று பதில் வந்தது. இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழரா என்று மறுபடி கேட்டதும் அந்த அம்மா உள்ளே திரும்பி மகனைப் பார்த்தார். மகன் சொன்னார்: "எங்க அப்பா பொறந்ததும் இங்கதான், நான் பொறந்ததும் இங்கதான். நாங்க எப்படி டீச்சர் இந்தியா?" ஆசிரியை இரண்டாவது கட்டத்தில் குறித்துக்கொண்டு அடுத்த லயக் காம்பராவுக்குப் போனார். அங்கே அதே தலைமுறைக்காரர், அதே தோட்டத்தில் பிறந்தவர், யோசிக்காமல் "இந்தியத் தமிழர்" என்றார். இரண்டு பதிலும் சரியான பதில்தான். இனம் என்பது இங்கே ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல். அதற்குச் சான்றிதழ் கேட்க முடியாது. ஓர் ஆளுக்கு ஒரு விடைதான் என்பது மட்டும் விதி.

இந்தப் பிரிவினை பிறந்தது 1911-இல். அதுவரை தமிழர் என்று ஒன்றாக எழுதப்பட்டவர்களை அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு, தீவிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் என்றும், கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காக வெள்ளையர் காலத்தில் வந்தவர்கள் என்றும் பிரித்தது. அப்போது இரு பக்கமும் கிட்டத்தட்ட சமம். தலைக்கு ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். தோட்டத்து மக்களில் பலர் அன்று உண்மையிலேயே வந்து போகிறவர்களாக இருந்ததால் அந்தத் தலைப்புக்கு ஒரு பொருள் இருந்தது. பிறகு தலைமுறைகள் கடந்தன, தலைப்பு மட்டும் அப்படியே நின்றது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று ஆட்களைப் பங்கு போட்டது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு காலத்தில் வாசலில் வந்து நின்று, நீ இந்தியத் தமிழரா என்று அரசாங்க ஆள் கேட்டால், அது வெறும் புள்ளிவிவரக் கேள்வியாகக் காதில் விழுமா?

இப்போது எண்களுக்கு வருவோம். 1971-இல் இந்தியத் தமிழர் 11,74,606 பேர். 1981-இல் 8,18,656 பேர். பத்து ஆண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. கப்பலேறிப் போனவர்கள் எத்தனை பேர், நிரல் மாறியவர்கள் எத்தனை பேர்? அட்டவணையை வைத்தே ஓரளவு பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு நிரலையும் கூட்டிப் பாருங்கள். ஆட்கள் நாட்டை விட்டுப் போயிருந்தால் கூட்டுத்தொகையின் பங்கு குறையும். சொல் மட்டும் மாறியிருந்தால் கூட்டுத்தொகை அசையாது.

1971-இல் இரு தமிழரும் சேர்ந்து நாட்டு மக்களில் 20.5 சதவீதம். 1981-இல் 18.2. ஆகவே போனவர்கள் உண்மையிலேயே போயிருக்கிறார்கள். ஆனால் அதே பத்தாண்டில் இலங்கைத் தமிழரின் பங்கு மட்டும் 11.2-இலிருந்து 12.7-க்கு ஏறியிருக்கிறது. பிள்ளைப்பேறு மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. போனது ஒரு பகுதி, பெயர் மாறியது இன்னொரு பகுதி. எங்கே மாறியது என்பதற்கு மாவட்ட அட்டவணை வேண்டும். நாட்டு மொத்தத்தில் கரைந்துபோவது மாவட்டத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். நுவரெலியாவில் 1981-இல் இலங்கைத் தமிழர் 13 சதவீதத்துக்கு மேல். 2012-இல் அது 4.5. யாழ்ப்பாணத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் மலைக்கு ஏறி, முப்பது ஆண்டு இருந்துவிட்டு இறங்கினார்கள் என்று யாராவது நம்பினால் நம்பட்டும். அங்கே வாழ்ந்தவர்கள் அதே மக்கள்தான். பயம் இருந்தபோது ஒரு சொல், குடியுரிமை கைக்கு வந்தபின் இன்னொரு சொல்.

அதே நுவரெலியாவை வைத்து இன்னொரு சிக்கலையும் பார்த்துவிடலாம். 2012-இல் மாவட்டத்தின் மக்கள் 7,11,644. அவர்களில் இந்தியத் தமிழர் 3,77,637. பக்கவாட்டில், அதாவது மாவட்ட மொத்தத்தால் வகுத்தால் 53 சதவீதம். மேலிருந்து கீழாக, நாட்டிலுள்ள இந்தியத் தமிழர் 8,39,504 பேரால் வகுத்தால் 45 சதவீதம். முதலாவது, நுவரெலியாக்காரரில் பாதிக்கு மேல் இந்தியத் தமிழர் என்கிறது. இரண்டாவது, இந்தியத் தமிழரில் பாதிக்கும் குறைவானவர்களே நுவரெலியாவில் என்கிறது. மேடைப் பேச்சிலும் பத்திரிகையிலும் இவை இரண்டும் தாராளமாக இடம் மாறும். எதனால் வகுத்தார்கள் என்று கேட்காமல் ஒரு சதவீதத்தையும் ஏற்கக் கூடாது என்பது என் பழக்கம். இதில் மாவட்டச் சராசரி மறைப்பதும் உண்டு. அப்போது அம்மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகள். அம்பகமுவவும் நுவரெலியாவும் தலைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் மக்களோடு தமிழர் பெரும்பான்மையாக இருக்க, ஹங்குரன்கெத்தவும் வலப்பனையும் சிங்களவர் பெரும்பான்மை. 53 என்ற எண் இந்த இரண்டு பக்கத்தையும் சொல்லவில்லை.

காலத்தைக் கடந்து ஒப்பிடும்போது இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 1981 அட்டவணையில் மாவட்டங்கள் 24 மட்டுமே. கிளிநொச்சி 1984-இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. 1981-இல் யாழ்ப்பாணம் என்ற வரியில் 8,30,552 பேர். அதில் ஏறத்தாழ 92,000 பேர் இன்றைய கிளிநொச்சிக்காரர்கள். அவர்களைக் கழிக்காமல் 2012-ஐப் பக்கத்தில் வைத்தால், போர் செய்த சேதத்தோடு நிர்வாகக் கோடு செய்த சேதமும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். இடையில் 1991-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001-இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. வடக்கு கிழக்கின் ஏழு மாவட்டங்களுக்கு அந்த ஆண்டு எண்ணைத் தேடுபவர் ஏமாந்துபோவார்.

நிரல் மாறியதை மிகத் தெளிவாகக் காட்டுவது மலையகம் அல்ல, வவுனியா. 1958-இலும் 1977-இலும் நடந்த வன்முறைகளுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 1981-இல் வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டார். 2012-இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இலங்கைத் தமிழரோ 57 சதவீதத்திலிருந்து 82-க்குப் போயிருந்தார்கள். போர் அங்கே மக்களை அள்ளிப்போட்டு ஆடியது உண்மை. ஆகவே இந்த எண்களில் இடப்பெயர்வும் கலந்திருக்கிறது. ஆனால் அந்தக் கிராமங்களுக்குப் போனவர்களுக்கு, மலையகத்து உறவுமுறைகளோடும் பேச்சோடும் வாழும் குடும்பங்கள் இன்றும் அங்கே இருப்பது தெரியும். கணக்கெடுப்பில் அவர்கள் காணாமல் போகவில்லை. இரண்டாவது நிரலில் இருக்கிறார்கள்.

நிரல் எதுவானாலும் ஆள் அங்கேதானே இருக்கிறார், என்ன நட்டம் என்று கேட்கலாம். ஓரிடத்தில் நட்டமில்லை. ஒரு பிரதேச செயலாளர் பிரிவின் மக்களில் மொழிச் சிறுபான்மையினரின் பங்கைக் கருத்தில் கொண்டு, அங்கே இரு மொழியிலும் நிர்வாகம் நடத்தப் பணிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை. அதற்கு இரு தமிழரையும், தமிழ் பேசும் சோனகரையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். பதுளையில் சிங்களவர் 73 சதவீதம் என்றாலும், இந்தியத் தமிழர் 18.5, சோனகரும் இலங்கைத் தமிழரும் அதற்கு மேல் என்று கூட்டும்போது மாவட்ட அளவில் அந்தப் பங்கு கணிசமாகிவிடுகிறது. ஆனால் லயக் காம்பரா, தோட்டத்துப் பள்ளிக்கூடம், காணியுரிமை என்று ஒரு சமூகத்தின் பெயரில் கேட்கும்போது மூன்றாவது நிரலை மட்டும்தான் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே ஒவ்வொரு நிரல் மாற்றமும் ஒரு ஆள் குறைவு.

2024 கணக்கெடுப்பில் படிவத்துக்குப் பதில் கைக்கணினி வந்தது. மூன்றாவது தலைப்பும் சற்று நீண்டு, இந்தியத் தமிழர் / மலையகத் தமிழர் என்றானது. அப்படியும் அந்த நிரலின் பங்கு 4.1 சதவீதத்திலிருந்து 2.8-க்கு இறங்கிவிட்டது. பக்கத்து நிரல் 11.1-இலிருந்து 12.3-க்கு ஏறியது. இரண்டையும் கூட்டினால் முன்பு 15.3, இப்போது 15.1.